படிவத்தில் வரும் நாலு கேள்வி: நாக்அவுட் ஃபில்டர் எப்படி வேலை செய்கிறது?

ஆன்லைனில் வேலைக்கு விண்ணப்பித்து, நிராகரிப்பு மெயில் வாங்கியவர்களிடம் காரணம் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "ஏ.டி.எஸ். என் ரெஸ்யூமேவைத் தூக்கிப் போட்டுவிட்டது." ஏ.டி.எஸ். என்றால் நிறுவனங்கள் விண்ணப்பங்களைக் கையாளும் மென்பொருள். அப்புறம் ரெஸ்யூமேவைத் திருத்த உட்காருவார்கள். எழுத்துரு மாறும், திறன் பட்டியல் நீளும், யாரோ ஒருவருக்குப் பணம் கொடுத்து 'ஸ்கோர்' ஏற்றிக்கொள்வார்கள். அடுத்த விண்ணப்பத்துக்கும் அதே மெயில் வரும்.

நான் சென்னையில் பல வருடமாக ஆள் எடுக்கும் வேலையில் இருக்கிறேன். எங்கள் பக்கத்துத் திரையில் தெரிவது வேறு கதை. வெளியே தள்ளப்பட்டவர்களில் பலருடைய ரெஸ்யூமேவை யாரும் படித்து நிராகரித்திருக்க மாட்டார்கள், மென்பொருளும்கூட. விண்ணப்பத்தின் கடைசியில் வந்த மூன்று நாலு சின்னக் கேள்விகளுக்கு அவர்களே கொடுத்த பதில்தான் தள்ளியிருக்கும். அவசரமாகத் தட்டிவிட்டுப் போகிற கேள்விகள் என்பதால் எதைத் தட்டினோம் என்பதே பலருக்கு நினைவிருக்காது.

வீட்டு ஓனரின் முதல் கேள்வி

வாடகைக்கு வீடு தேடி போன் செய்தவர்களுக்கு இது புதிதல்ல. வீட்டு ஓனர் நம் பெயரைக் கேட்பதற்கு முன்பே, "ஃபேமிலியா, பேச்சுலரா?" என்பார். பேச்சுலர் என்றால் போன் அங்கேயே முடிந்தது. மாதம் ஒன்றாம் தேதி வாடகை போட்டுவிடுவீர்களா, சுவரில் ஆணி அடிக்காத ஆளா என்பதெல்லாம் பேச்சுக்கே வராது. உங்களைப் பற்றிய நல்ல விஷயங்களை அவர் எடைபோட்டுப் பார்த்து மறுக்கவில்லை. எடைபோடும் இடத்துக்கே உங்களை விடவில்லை.

விண்ணப்பப் படிவத்தில் நிறுவனம் தானாகச் சேர்க்கிற இப்படிப்பட்ட கேள்விக்கு ஸ்கிரீனிங் கேள்வி என்று பெயர். எத்தனை வருட அனுபவம், நோட்டீஸ் பீரியட் எவ்வளவு, இந்த ஊருக்கு வர முடியுமா, எதிர்பார்க்கும் சம்பளம் என்ன என்கிற வகை. எல்லா ஸ்கிரீனிங் கேள்வியும் ஆளைத் தள்ளாது. சில கேள்விகள் எங்கள் தகவலுக்காக மட்டும் இருக்கும். ஒரு கேள்விக்கு 'இந்தப் பதில் வந்தால் வேண்டாம்' என்று விதி போட்டு வைத்தால், அந்த விதிதான் நாக்அவுட் ஃபில்டர்.

விண்ணப்பங்களை வாங்கி, வரிசைப்படுத்தி, யார் எந்தக் கட்டத்தில் இருக்கிறார்கள் என்று காட்டும் மென்பொருள்தான் ஏ.டி.எஸ். வொர்க்டே, கிரீன்ஹவுஸ் எல்லாம் அந்த ரகம். லிங்க்ட்இன், நௌக்ரி போன்ற தளங்களிலும் கேள்வி சேர்க்கும் வசதி இருக்கிறது. இவற்றில் நாக்அவுட் விதி என்பது எவ்வளவு எளிமையானது என்று பார்த்தால் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருக்கும். செலினியம் என்ற சாஃப்ட்வேர் டெஸ்டிங் கருவியில் குறைந்தது 3 வருட அனுபவம் வேண்டும் என்று விதி இருந்தால், உள்ளே நடப்பது கிட்டத்தட்ட இவ்வளவுதான்:

```
if selenium_years < 3:
    status = "Not a fit"
```

ரெஸ்யூமே இதில் எங்கேயும் இல்லை என்பதைக் கவனியுங்கள். கட்டத்தில் நீங்கள் போட்ட எண்ணை மட்டும் அது பார்க்கிறது.

எந்தக் கேள்வி தள்ளும், எது தள்ளாது

விதி போட வேண்டுமானால் பதிலை ஒப்பிட முடிய வேண்டும். ஆம் அல்லது இல்லை, பட்டியலிலிருந்து தேர்வு, எண் என்று இந்த மூன்று வகைக்குத்தான் வழக்கமாக நாக்அவுட் போடுகிறோம். "இந்த வேலையில் ஏன் சேர விரும்புகிறீர்கள்?" என்று பெரிய கட்டம் கொடுத்திருந்தால் அது மனிதர் படிப்பதற்கு. நான் பார்த்தவரை, அந்தக் கட்டத்தில் அரை மணி நேரம் செலவழித்து எழுதுகிற பலர், அதற்கு மேலே இருந்த எண் கட்டத்தை இரண்டு விநாடியில் தாண்டியிருப்பார்கள். முக்கியத்துவம் நேர் தலைகீழ்.

சிவப்பு நட்சத்திரக் குறியையும் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். நட்சத்திரம் இருந்தால் பதில் சொல்லாமல் அடுத்த பக்கம் போக முடியாது, அவ்வளவுதான். அந்தக் கேள்வியில் விதி இருக்கிறதா என்பதை அது சொல்வதில்லை. வெளியிலிருந்து ஊகிக்க ஒரே நல்ல வழி, வேலை அறிவிப்பை மறுபடி படிப்பது. அறிவிப்பில் 'கட்டாயம்' என்று போட்ட விஷயமே கேள்வியாகவும் வந்தால், விதி இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளலாம்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: கேள்விக்கான பதில் தனியாகச் சேமிக்கப்படுகிறது, விதி அந்தப் பதிலை மட்டும் ஒப்பிடுகிறது, ரெஸ்யூமே எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்த ஒப்பீட்டில் உதவிக்கு வராது.

அப்படியானால் ரெஸ்யூமே எதற்கு?

டி.என்.பி.எஸ்.சி. தேர்வு எழுதியவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். ஆன்லைன் விண்ணப்பத்தில் பிறந்த தேதி, படிப்பு, தமிழ் வழியில் படித்தேனா என்பதையெல்லாம் நாமே குறிப்பிடுகிறோம். அந்த நேரத்தில் நாம் சொன்னதை வைத்துத்தான் விண்ணப்பம் நகரும். தேர்வு எழுத அனுமதிப்பதுகூடத் தற்காலிகம்தான். சான்றிதழ் சரிபார்ப்பு என்று ஒரு நாள் வரும். அன்று விண்ணப்பத்தில் சொன்னதும் கையிலிருக்கும் தாளும் ஒத்துப்போக வேண்டும். தமிழ் வழி என்று குறிப்பிட்டுவிட்டு அதற்கான சான்றிதழ் இல்லாமல் போனால், எடுத்த மதிப்பெண் அங்கே காப்பாற்றாது.

தனியார் வேலை விண்ணப்பத்திலும் இதே இரண்டு கட்டம்தான். ஸ்கிரீனிங் பதில் நீங்கள் சொல்லிக்கொள்வது, ரெஸ்யூமே அதற்கான சான்று. நாக்அவுட்டைத் தாண்டியவர்களின் பக்கத்தை நாங்கள் திறக்கும்போது பதில்களும் ரெஸ்யூமேவும் ஒன்றாகவே கண்ணில் படும். பதிலில் 'செலினியம், 4 வருடம்' என்று இருக்கிறது. ரெஸ்யூமேவில் செலினியம் என்ற சொல் திறன் பட்டியலில் ஒரே ஒரு தடவை, தேதி எதுவும் இல்லாமல் கிடக்கிறது. எந்த நிறுவனத்தில், எப்போதிலிருந்து என்று ஒன்றும் தெரியவில்லை. நேரம் இருந்தால் போன் செய்து கேட்பேன். ஒரு வேலைக்கு நானூறு பேர் வந்து கிடக்கிற நாளில் அடுத்தவருக்குப் போய்விடுவேன். அவர் சொன்னது உண்மையாகவே இருந்திருக்கலாம். ஆனால் அதைத் தாங்கிப் பிடிக்க ரெஸ்யூமேவில் ஒரு வரி இல்லை.

இதற்குத் தீர்வு பெரிய வித்தையல்ல. கேள்வியில் எந்தத் திறன் கேட்டார்களோ, அதை ரெஸ்யூமேவில் அந்தந்த வேலைக்குக் கீழே மாதம், வருடத்தோடு எழுதிவிடுவது. 'செலினியம், ஜாவா: ஜூன் 2022 முதல்' என்று ஒரு வரி போதும்.

ரெஸ்யூமேவும் படிவமும் சந்திக்கும் இன்னொரு இடம் உண்டு. கோப்பை ஏற்றியதும் மென்பொருள் அதிலிருந்து பெயர், நிறுவனம், தேதிகளைப் பிரித்தெடுத்து படிவத்தின் கட்டங்களில் தானே நிரப்பும். இதற்குப் பார்சிங் என்று பெயர். இரண்டு பத்தியாக அடித்த ரெஸ்யூமே, படத்துக்குள் எழுத்து, அட்டவணை இதெல்லாம் இருந்தால் இங்கே குளறுபடி நடக்கும். பழைய நிறுவனத்தின் கடைசி தேதி புதிய நிறுவனத்துக்குப் போய் ஒட்டிக்கொள்ளும். நீங்கள் அதைப் பார்க்காமல் 'அடுத்து' அழுத்தினால், அந்தத் தப்பான தேதி நீங்களே கொடுத்த தகவலாக உள்ளே போகும்.

தேதி விஷயத்தில் மட்டும் நான் மேலே சொன்னதற்கு ஒரு விலக்கு வைக்கிறேன். ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூலும் அக்சென்ச்சரும் சேர்ந்து 2021-இல் வெளியிட்ட ஓர் அறிக்கையில், அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி நிறுவனங்களில் ஏறக்குறைய பாதி, வேலையில் ஆறு மாதத்துக்கு மேல் இடைவெளி இருப்பவர்களை ஃபில்டர் போட்டு ஒதுக்குவதாகச் சொன்னது தெரியவந்தது. இது கேள்வி கேட்டு ஒதுக்குவது அல்ல, வேலை வரலாற்றை வைத்து ஒதுக்குவது. ஆக, ரெஸ்யூமே தரவை வைத்து ஆளைத் தள்ளும் இடங்களும் இருக்கின்றன. ஆனால் '75 சதவீத ரெஸ்யூமேக்களை ஏ.டி.எஸ். மனிதக் கண்ணுக்கே காட்டாமல் அழித்துவிடுகிறது' என்று பகிரப்படுகிற எண்ணுக்குப் பின்னால் எடுத்துக் காட்டக்கூடிய ஆய்வு எதுவும் இல்லை.

சுருக்கம்: பதில் உங்களை வாசல் தாண்டவைக்கிறது, ரெஸ்யூமே அந்தப் பதிலை உண்மை என்று காட்டுகிறது. ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யாது.

ஒரு விண்ணப்பத்தை உட்கார்ந்து பார்ப்போம்

எனக்குத் தெரிந்த ஒரு பெண், சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் இருப்பவர், சென்ற வருடம் மார்ச் தொடக்கத்தில், அதாவது 2025-இல் என்று வையுங்கள், ஒரு வேலைக்கு விண்ணப்பித்தார். செலினியம் குறைந்தது 3 வருடம் வேண்டும் என்பது அறிவிப்பு. அவர் ஜூலை 2021-இல் வேலைக்குச் சேர்ந்தவர். முதல் 11 மாதம் மேனுவல் டெஸ்டிங் மட்டும். ஜூன் 2022 முதல் செலினியம். பிப்ரவரி 2025 முடிய, மொத்த அனுபவம் 44 மாதம், செலினியம் 33 மாதம்.

படிவத்தில் கேள்வி: செலினியத்தில் எத்தனை வருடப் பணி அனுபவம்? கட்டம் முழு எண்ணை மட்டும் வாங்கும். 2.75 என்று போட்டுப் பார்த்தார், சிவப்பில் பிழை வந்தது. நேர்மையாக இருப்போம் என்று 2 என்று போட்டார். வெளியே.

இதில் அவர் பொய் சொல்லவில்லை, ஆனால் சரியான பதிலையும் சொல்லவில்லை. 33 மாதம் என்பது 2 வருடம் 9 மாதம். முழு எண்தான் போட முடியும் என்றால் அதற்கு மிக அருகில் இருப்பது 3. எல்லாருடைய கருத்தும் இதுவாக இருக்காது, என்னுடைய கருத்து இது: கட்டம் முழு எண்ணைக் கேட்கும்போது அருகிலுள்ள எண்ணைப் போடலாம், ரெஸ்யூமேவில் தொடங்கிய மாதம் ஒளிவுமறைவில்லாமல் இருக்க வேண்டும், போனில் கேட்டால் மாதக் கணக்கைச் சொல்ல வேண்டும். ஒரு வருடம் நாலு மாதத்தை 3 ஆக்குவது இந்தக் கணக்கில் வராது. மொத்த அனுபவமான 44 மாதத்தை வைத்துக்கொண்டு 'எப்படியும் மூன்றுக்கு மேல்தானே' என்று 4 போடுவதும் வராது. கேள்வி செலினியத்தைப் பற்றியது, டெஸ்டிங் வாழ்க்கையைப் பற்றியது அல்ல.

அடுத்த கேள்வி நோட்டீஸ் பீரியட். பட்டியலில் உடனடியாக, 15, 30, 60, 90 நாள் என்று இருந்தது. அவருடைய நிறுவனத்தில் 90 நாள். ஆனால் அவர் ஏற்கெனவே ராஜினாமா கொடுத்து 62 நாள் ஆகியிருந்தது, மீதி 28. பழக்கதோஷத்தில் 90-ஐத் தட்டிவிட்டார். ஐ.டி. வேலைகளில் நாங்கள் அதிகமாக நாக்அவுட் போடும் கேள்வி இதுதான், ஏனென்றால் புராஜெக்ட்டுக்கு ஆள் வேண்டிய தேதி முன்பே முடிவாகியிருக்கும். ராஜினாமா கொடுத்துவிட்டவர் மீதி நாளைக் கணக்கிட்டு 30-ஐத் தேர்ந்தெடுக்க வேண்டும், ரெஸ்யூமேவின் மேல் பகுதியில் கடைசி வேலை நாளையும் போட்டுவிட வேண்டும். ராஜினாமா கொடுக்காதவர் 'பேசிக் குறைத்துக்கொள்ளலாம்' என்ற நம்பிக்கையில் 30 போட்டால், அது பிறகு ஆஃபர் கட்டத்தில் இரு பக்கமும் கசப்பாகத்தான் முடிகிறது.

மூன்றாவது, எதிர்பார்க்கும் சம்பளம். கேள்வி லட்சக் கணக்கில் கேட்டது. அவர் சரியாக 8 என்று போட்டார். இதே இடத்தில் 800000 என்று முழுத்தொகையைப் போடுகிறவர்கள் வாரத்துக்கு நாலைந்து பேராவது வருகிறார்கள். மேல்வரம்பு 10 என்று விதி இருந்தால், மென்பொருளைப் பொறுத்தவரை அவர் எட்டு லட்சம் லட்சம் கேட்கிறார். கட்டத்துக்குப் பக்கத்தில் அலகு என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

அவருடைய ரெஸ்யூமேவைப் பின்னர் வாங்கிப் பார்த்தேன். நல்ல ரெஸ்யூமே. அதில் திருத்த வேண்டியது இரண்டே வரி: செலினியம் தொடங்கிய மாதம், கடைசி வேலை நாள். மற்றபடி அவரைத் தள்ளியது முழுக்கப் படிவம்தான். அவரோ அந்த மாதம் முழுக்க ரெஸ்யூமே டெம்ப்ளேட் மாற்றிக்கொண்டிருந்தார்.

கேள்வியின் சொற்கள்

'பணி அனுபவம்' என்று கேட்டால் கல்லூரி புராஜெக்ட் சேராது. வெறும் 'அனுபவம்' என்றால் இன்டர்ன்ஷிப்பைச் சேர்ப்பதில் தப்பில்லை. இப்படி ஒரு சொல்லில் பதில் மாறும் கேள்விகள் உண்டு. அமெரிக்காவில் படித்துவிட்டு வேலை தேடும் நம் பிள்ளைகள் அதிகம் சறுக்குவது அங்கே இரட்டையாக வரும் ஒரு கேள்வியில். இங்கே வேலை செய்யச் சட்டப்படி அனுமதி இருக்கிறதா என்பது ஒன்று. விசாவுக்கு நிறுவனத்தின் ஸ்பான்சர்ஷிப் இப்போதோ எதிர்காலத்திலோ தேவைப்படுமா என்பது இன்னொன்று. மாணவர் விசாவில், படிப்பு சார்ந்த வேலையைக் கொஞ்ச காலம் செய்ய விடும் ஓ.பி.டி. அனுமதியோடு இருப்பவருக்கு முதல் கேள்விக்குப் பதில் ஆம். பிற்பாடு எச்-1பி என்ற வேலை விசா வேண்டும் என்றால் இரண்டாவதற்கும் ஆம்தான். இன்று தேவையில்லையே என்று இரண்டாவதில் இல்லை போடுகிறார்கள். 'எதிர்காலத்திலோ' என்ற சொல் அதற்காகத்தான் அங்கே இருக்கிறது. உண்மையைச் சொன்னால் சில இடங்களில் நாக்அவுட் ஆகும் என்பது நிஜம். அந்த இடங்கள் பிறகும் ஸ்பான்சர் செய்யப் போவதில்லை.

எங்கள் பக்கத் தப்பும் உண்டு

விதி போடுவதும் மனிதர்தான் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு முறை நோட்டீஸ் பீரியட் கேள்விக்கு நான் ஏற்கும் பதிலாக '30 நாள்' என்பதை மட்டும் டிக் செய்துவிட்டேன். 30 நாளுக்குள் என்றுதான் மனதில் இருந்தது. பட்டியல் கேள்வியில் மென்பொருள் 'அதற்குள்' என்று புரிந்துகொள்ளாது, டிக் செய்தவை மட்டும்தான் கணக்கு. நாளைக்கே வருகிறேன் என்றவர்களும் 15 நாளில் வருகிறேன் என்றவர்களும் மொத்தமாக வெளியே போய்விட்டார்கள். இரண்டு நாள் கழித்து, உடனடியாக வரக்கூடியவர் ஒருவர்கூட இல்லையே என்று உறைத்தபோதுதான் ஒதுக்கப்பட்டவர்களின் பட்டியலைத் திறந்தேன். எல்லாரும் அங்கே இருந்தார்கள்.

அதாவது நாக்அவுட் ஆன விண்ணப்பம் அழிந்துபோவதில்லை. லிங்க்ட்இன்னில் 'Not a fit' என்ற பெட்டிக்குள் போய் உட்காரும், மற்ற மென்பொருள்களில் வேறு பெயரில். தேடினால் கிடைக்கும். வழக்கமாக யாரும் தேடுவதில்லை என்பதுதான் பிரச்சினை.

எது தள்ளியது என்று எப்படிக் கண்டுபிடிப்பது

உறுதியாகத் தெரிந்துகொள்ள வழியில்லை, ஆனால் தடயம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை இரவு இரண்டு மணிக்கு விண்ணப்பித்து இரண்டு பத்துக்கு மறுப்பு மெயில் வந்தால், அதை யாரும் உட்கார்ந்து எழுதவில்லை, விதிதான். மறுபக்கம், மூன்று நாள் கழித்து வந்ததால் மனிதர் படித்தார் என்று சொல்லிவிட முடியாது. உடனே மெயில் போனால் முகத்தில் அடித்த மாதிரி இருக்கும் என்பதற்காகவே, தானாகப் போகும் மறுப்பு மெயிலைச் சில நாள் தள்ளி அனுப்பும் வசதி லிங்க்ட்இன் உட்படப் பலவற்றில் இருக்கிறது.

வெவ்வேறு நிறுவனங்களிலிருந்து தொடர்ந்து இப்படி வந்தால் இன்னொன்றைச் சந்தேகிக்கலாம். லிங்க்ட்இன்னின் ஈசி அப்ளை முன்பு கொடுத்த பதில்களை நினைவில் வைத்து அடுத்த படிவத்தில் தானே நிரப்பும். ஒன்றரை வருடத்துக்கு முன் போட்ட '1' இன்னும் அப்படியே போய்க்கொண்டிருக்கலாம். உங்கள் அனுபவம் வளர்ந்திருக்கும், அந்தக் கட்டம் வளராது.

அனுப்பிய பிறகு தப்பு தெரிந்தால்

பெரும்பாலான தளங்களில் அனுப்பிய பதிலைத் திருத்த முடியாது. வாபஸ் வாங்கி மறுபடி போடலாமே என்று தோன்றும். அவசரப்பட வேண்டாம், சில இடங்களில் வாபஸ் வாங்கினால் அதே வேலைக்கு இரண்டாவது முறை விண்ணப்பிக்க விடாது. வாபஸ் பொத்தானை அழுத்தியதும் வரும் எச்சரிக்கையைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். அதைவிட நல்ல வழி, அந்த வேலையை அறிவித்த ரெக்ரூட்டரின் பெயர் தெரிந்தால் இரண்டு வரி எழுதுவது: விண்ணப்ப எண் இது, நோட்டீஸ் பீரியட் கேள்விக்கு 90 என்று போட்டுவிட்டேன், நான் ஏற்கெனவே ராஜினாமா கொடுத்துவிட்டேன், கடைசி வேலை நாள் இன்னது. ஒதுக்கப்பட்ட பட்டியலிலிருந்து ஒருவரை வெளியே எடுக்க எங்களுக்கு ஒரு கிளிக் போதும். இப்படி எழுதியவர்களை எடுத்தும் இருக்கிறேன். 'என் ரெஸ்யூமேவை ஏன் நிராகரித்தீர்கள்' என்று நீளமாக எழுதுகிறவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்றுதான் எனக்கு இன்றுவரை தெரியவில்லை, அதை நான் திறந்தே பார்த்திருக்க மாட்டேன்.